டின்னில் இருப்பது பழம் எவ்வளவு, பாகு எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மளிகைச் செலவு பற்றி வந்த கட்டுரையில், ஒரே பொருள் இரண்டு கம்பெனியில் கிடைத்தால், பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஒரு கிராம் விலையை ஒப்பிட்டு வாங்குங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பருப்புக்கும் டீத்தூளுக்கும் அது சரிதான். டின்னில் வரும் காய்களுக்கும் பாகில் ஊறிய பழங்களுக்கும் அந்தக் கணக்கு செல்லாது. இதைக் கைக்காசு போட்டுக் கற்றுக்கொண்டவள் நான்.

வீட்டிலிருந்தே சிறிய விசேஷங்களுக்கு இனிப்பு செய்து கொடுக்கிறேன். ஒரு வளைகாப்புக்கு அன்னாசி கேசரி கேட்டிருந்தார்கள். ஒன்றரைக் கிலோ பழம் வேண்டும். 850 கிராம் டின் இரண்டு வாங்கினால் 1,700 கிராம், தாராளம் என்று நினைத்தேன். அன்று காலை இரண்டையும் திறந்து வடிகட்டியில் கொட்டிவிட்டுப் பார்த்தால், தராசில் பழம் 900 கிராம்கூடத் தேறவில்லை. மீதியெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். ரவையை வறுத்து வைத்துவிட்டு அன்னாசிப் பழம் வாங்க மார்க்கெட்டுக்கு ஓடினேன்.

கடைக்காரர் மேல் குற்றமில்லை, டின்னிலும் பொய்யில்லை. லேபிளில் பெரிய எழுத்தில் நெட் வெயிட் 850 கிராம் என்றும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் டிரெயின்டு வெயிட் 442 கிராம் என்றும் போட்டிருந்தது. முதலாவது, பழமும் பாகும் சேர்ந்த நிகர எடை. இரண்டாவது, பாகை வடித்தபின் நிற்கும் பழத்தின் எடை. தண்ணீர், உப்புநீர், சர்க்கரைப் பாகு, வினிகர் போன்றவற்றில் போட்டு விற்கும் உணவுக்கு இந்த வடித்த எடையையும் லேபிளில் சொல்ல வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளே சொல்கின்றன. ஆகவே தகவல் டின்னிலேயே இருக்கிறது, நாம்தான் திருப்பிப் பார்ப்பதில்லை.

சிக்கல் கிராம் விலையில்தான். 2022 முதல் பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.யோடு ஒரு கிராமுக்கு எவ்வளவு என்றும் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு நிகர எடைக்கு, அதாவது பாகையும் சேர்த்து. நான் வாங்கிய டின் 187 ரூபாய். கிராமுக்கு 22 காசு என்று அச்சிட்டிருந்தது. பக்கத்திலேயே வேறு கம்பெனி டின், அதுவும் 850 கிராம், 199 ரூபாய், கிராமுக்கு 23 காசு. கட்டுரை சொன்னபடி பார்த்தால் நான் எடுத்ததுதான் மலிவு. அடுத்த முறை போனபோது அந்த இரண்டாவது டின்னைத் திருப்பிப் பார்த்தேன். அதில் வடித்த எடை 510 கிராம். இப்போது கணக்குப் போடுங்கள். 187ஐ 442ஆல் வகுத்தால் 100 கிராம் பழம் 42 ரூபாய் 30 காசு. 199ஐ 510ஆல் வகுத்தால் 39 ரூபாய். விலை கூடுதல் என்று நான் விட்டுவிட்டு வந்த டின்னில்தான் பழம் மலிவு. கடையில் நின்றுகொண்டே போனில் ஒரு வகுத்தல் போட்டால் தெரிந்துவிடும்.

பாகும் வீணில்லையே, அதையும் கேசரியில் ஊற்றலாமே என்று என் நாத்தனார் கேட்டார். ஊற்றலாம், நானும் ஊற்றுகிறேன். ஆனால் அதன் மதிப்பு என்ன? திக்கான பாகு என்று சொல்வதிலேயே நூற்றுக்கு இருபது பங்கு அளவுதான் சர்க்கரை. 400 கிராம் பாகில் 80 கிராம் சர்க்கரை, கடை விலைக்கு நாலு ரூபாய் பெறும். பழத்திலிருந்து இறங்கிய வாசனை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பழத்தின் விலையைப் பாகுக்குக் கொடுக்க முடியாது.

லேபிளில் போட்டது உண்மைதானா என்று பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். காலிப் பாத்திரத்தை முதலில் எடை போட்டுக்கொள்ளுங்கள். அகலமான சல்லடையில் டின்னைக் கவிழ்த்துப் பழத்தைப் பரப்புங்கள். சல்லடையைச் சற்றே சாய்த்து, கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம் விடுங்கள். ஆய்வுக்கூடத்திலும் இரண்டு நிமிடம்தான். கரண்டியால் அழுத்தக் கூடாது, அழுத்தினால் பழத்தின் சாறும் போய்விடும். பீச் மாதிரி பாதியாக வெட்டிய பழமாக இருந்தால் குழிப்பக்கம் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் பாகு குழியிலேயே தங்கும். அப்புறம் பழத்தைப் பாத்திரத்தில் மாற்றி நிறுங்கள். நாலைந்து கிராம் குறைந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். டின் போட்ட பிறகு பழத்திலிருந்து தண்ணீர் வெளியேறுவதும் சர்க்கரை உள்ளே போவதுமாகச் சில வாரங்கள் எடை மாறிக்கொண்டுதான் இருக்கும். டின்னுக்கு டின் சிறு வித்தியாசமும் வரும். ஒரே கம்பெனி டின்னில் திரும்பத் திரும்ப முப்பது, நாற்பது கிராம் குறைந்தால் அது வேறு விஷயம், நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். வடித்த எடையை வைத்து ஒரு டின்னை இன்னொரு டின்னோடு ஒப்பிடலாம். கடையில் விற்கும் பச்சைக் காயோடும் காய்ந்த பயறோடும் அப்படியே ஒப்பிட்டால் தப்பாகிவிடும். காளான் வேகும்போது தண்ணீரை விட்டுச் சுருங்கும். டின்னில் 400 கிராம் காளான் என்றால், அது அதைவிட அதிகமான பச்சைக் காளானிலிருந்து வந்தது. கொண்டைக்கடலை இதற்கு நேர் எதிர். 400 கிராம் டின்னில் வடித்த எடை 240 கிராம் என்று பார்த்து, கால் கிலோ கடலை கிடைத்தது என்று நினைக்கத் தோன்றும். நான் 100 கிராம் காய்ந்த கடலையை ராத்திரி ஊறவைத்து, காலையில் குக்கரில் வேகவைத்து, தண்ணீரை வடித்து நிறுத்தேன். 220 கிராம் வந்தது. அப்படியானால் டின்னில் இருப்பது 110 கிராம் கடலைதான். டின் 120 ரூபாய். கிலோ 140 என்று வைத்தால் அந்தக் கடலையின் விலை பதினைந்தரை ரூபாய். மீதி நூறு ரூபாய், ஊறவைத்து வேகவைத்த வேலைக்கும் டின்னுக்கும். அவசரத்துக்கு வாங்குகிறவர்கள் வாங்கட்டும், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டு விலை அறிவிப்பு விதியில், இரண்டு எடையும் போட வேண்டிய பொருள்களுக்கு வடித்த எடையின் கணக்கில் மட்டும் கிலோ விலை காட்டினாலே போதும் என்று இருக்கிறது. நம் ஊரில் டின்னின் மேல் வரும் கிராம் விலையையும் அப்படி மாற்ற வேண்டும் என்று உங்கள் இதழ் எழுத வேண்டும். அதுவரை, கட்டுரையோடு வந்த ஒப்பீட்டு அட்டவணையில் ஸ்வீட் கார்ன், காளான், அன்னாசி, மிக்ஸ்டு ஃப்ரூட் ஆகிய நான்கு வரிகளை வடித்த எடைக்குக் கணக்குப் போட்டு அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.