கடைசி வரிசைப் பையன்

கோவில்பட்டி

அன்புள்ள மாணிக்கம்,

நலம், நலமறிய ஆவல். பேத்திக்குக் காது குத்தியதை உன் கடிதத்தில் படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழைதான் இன்னும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு எழுத்து நன்றாகத் தெரிகிறது. அந்தத் தெம்பில் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு இடத்தை உன்னிடம்தான் பேச வேண்டும். ஸ்டுடியோவில் காலமெல்லாம் டச்சப் பார்த்தவன் நீதானே.

கதை நடப்பது எழுபதுகளின் கடைசியில். ஏழாம் வகுப்பு குரூப் போட்டோ. வாத்தியார்கள் நாற்காலியில், பையன்கள் பின்னால் பெஞ்சு மேல். கடைசி வரிசையில் வலது ஓரத்தில் நிற்கிற முருகேசன், கேமரா கிளிக் ஆகும் நேரத்தில் முன்னால் நிற்பவனின் தலைக்குப் பின்னால் போய்விடுகிறான். படத்தில் அவன் முகமே இல்லை. பக்கத்துப் பையன் தோளில் போட்ட கை மட்டும் விழுந்திருக்கிறது. அட்டையின் அடியில் 'இடமிருந்து வலம்' என்று போட்ட பட்டியலில் அவன் பெயர்தான் கடைசி. போட்டோவைக் கையில் வாங்கிய அம்மா, "இதுல நீ எங்கடா இருக்கே?" என்கிறாள்.

கை மட்டும் தெரிகிற ஆள் என்றதும் உனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே வந்த நம் இரும்புக்கை மாயாவி! மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கையைப் பார்த்துத்தானே எதிரிகள் நடுங்கினார்கள். முருகேசனும் அந்தப் புத்தகங்களைப் படித்தவன். அன்று ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருக்கும்போது போட்டோ காமிக்ஸ் கட்டமாக மாறுகிறது.

எப்படி மாறுகிறது என்பதில்தான் நான் நிறைய நேரம் செலவழித்தேன். பையனுக்கு முகமூடியும் பறக்கும் துணியும் மாட்டிவிட்டால் அது வேஷம் போட்ட போட்டோதான், காமிக்ஸ் ஆகாது. போட்டோவில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே எத்தனையோ சாம்பல் இருக்கிறது. லைன் பிளாக் போட்டு அச்சடிக்கிற படத்தில் சாம்பலுக்கு இடமே கிடையாது. மை இருக்கும், இல்லாவிட்டால் வெறும் தாள். நிழல் வேண்டுமானால் நெருக்கமாகக் கோடு இழுக்க வேண்டும், அல்லது புள்ளி வைக்க வேண்டும். அதனால் முதலில் சாம்பல் வடிகிறது. சட்டைச் சுருக்கங்களில் இரண்டு மூன்று மட்டும் கோடாக நிற்க, மற்றவை போய்விடுகின்றன. ஹெட்மாஸ்டர் கன்னத்து நிழல் சாய்ந்த கோடுகளாகப் பிரிகிறது. முருகேசனின் கையில் மட்டும் ஓரக்கோடு தடித்து, விரல் கணுக்களில் வெள்ளை வெட்டு விழுந்து, உலோகம்போல் பளபளக்கிறது. நிஜ போட்டோவில் டச்சப் செய்யும்போது நீ எந்த நிழலை முதலில் எடுப்பாய்? கன்னமா, கழுத்தா? அதை எழுது, அப்படியே கதையில் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பேச்சு பலூன். போட்டோ ஒரு நொடியோடு நின்றுவிடும். காமிக்ஸ் கட்டத்துக்குள் நேரம் ஓடும், இடது பக்க பலூன் முதலில் பேசும், வலது பக்க பலூன் அதற்குப் பதில் சொல்லும். ஆக, 'இடமிருந்து வலம்' என்று அட்டையில் போட்டதே இங்கே வாசிக்கிற வரிசையாகிவிடுகிறது. கடைசிப் பெயர்க்காரன் முருகேசன், கட்டத்தின் கடைசிப் பேச்சும் அவனுக்குத்தான். பலூனின் வால் பேசுகிறவன் வாயைக் காட்ட வேண்டும் இல்லையா? முகமே இல்லாதவனுக்கு வாலை எங்கே கொண்டுபோவது? அந்தக் கைக்கு மேலே, தலை இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகிறேன். வால் அங்கே போய் நின்றதுமே படிக்கிறவன் கண்ணுக்கு அங்கே ஒரு ஆள் நிற்பான். முகத்தை வரைந்து காட்டவே தேவையில்லை.

பலூனுக்குள் என்ன எழுதுவது என்று கொஞ்ச நாள் திண்டாடினேன். நாம் படித்ததெல்லாம் இங்கிலீஷுக்காக வரைந்த பலூன்கள். தமிழ் வசனம் நீளமானதால் எழுத்தைப் பொடியாக்கித் திணித்திருப்பார்கள். ஓரத்தில் நிற்பவனுக்கு அதைவிடச் சின்ன பலூன்தான் கிடைக்கும். இரண்டு வார்த்தைக்கு மேல் தாங்காது. இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கிளாஸ் டீச்சர் தலைக்கு மேல் "முருகேசன்!" என்று ஒரு பலூன் போட்டேன். வலது ஓரத்தில் "உள்ளேன் ஐயா!" என்று தடித்த எழுத்தில்.

மகன் படித்துவிட்டு, கடைசியில் பையன் முகத்தைக் காட்டிவிடுங்கள் என்கிறான். எனக்குச் சம்மதமில்லை. முகம் தெரிந்துவிட்டால் மாயாவிக்கு ஏது வேலை? நீ என்ன நினைக்கிறாய்?

கைப்பிரதியின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிந்தால் அந்தக் கட்டத்தை ஒரு தாளில் பேனாவால் வரைந்து அனுப்பு. கையைக் கொஞ்சம் பெரிதாகவே போடு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். தை பிறந்ததும் ஒரு நடை இங்கே வாருங்கள்.

அன்புடன்,
சண்முகம்