அந்த இரண்டாவது குவியல் சீரகம் இல்லை

அன்புள்ள மாலதி,

சீரகம், சோம்பு, ஓமம் என்று விதைகளை நான்கு குவியலாக வைத்து நீ எடுத்த படம் வந்தது. மகள் புது வீட்டுக்குக் குடிபோன செய்தியும் சேர்ந்து வந்ததில் ரொம்பச் சந்தோஷம், அதைப்பற்றித் தனியாகப் பேசலாம். எனக்குக் கைவலி நன்றாகவே குறைந்துவிட்டது, மறுபடியும் லென்ஸைப் பிடித்து உட்கார முடிகிறது, அதனால் உன் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். நீ மாணவர்களுக்கான கையேட்டில் போடப்போகிறாய் என்பதால் விஷயத்துக்கே வருகிறேன். சோம்பும் ஓமமும் சரி. முதல் குவியலும் இரண்டாவது குவியலும் சீரகம், அதில் இரண்டாவது கொஞ்சம் கருத்த வகை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் சரியில்லை. இரண்டாவது கேரவே, சீமைச்சோம்பு என்பார்களே, அது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், முதலில் நிறத்தை மறந்துவிட்டுக் கோடுகளை மட்டும் பார். இந்த நான்குமே ஒரே குடும்பத்துச் செடிகளின் காய்கள்தான். நாம் விதை என்று சொல்வது ஒரு முழுக்காய் இரண்டாகப் பிளந்ததில் ஒரு பாதி. ஒவ்வொரு பாதியிலும் நீளவாக்கில் ஐந்து வரம்புகள் எழும்பியிருக்கும், நடுவில் பள்ளங்கள் ஓடும், அந்தப் பள்ளங்களுக்கு அடியில்தான் எண்ணெய்க் குழாய்கள். கேரவேயில் அந்த ஐந்தோடு கதை முடிந்தது. இரண்டாவது குவியலில் முதுகு காட்டிக் கிடக்கிற ஒரு விதையை எடுத்துக்கொள்: நடுவில் மூன்று மெல்லிய வெளிர்க்கோடுகள், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, இடையில் வழவழப்பான கரும்பழுப்புப் பட்டைகள். கோடும் பட்டையும் பளிச்சென்று பிரிந்து நிற்கின்றன, நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி.

முதல் குவியலில் அப்படி இல்லை. சீரகத்தில் ஐந்து வரம்புகளுக்கு நடுவே இன்னும் நான்கு துணை வரம்புகள் உண்டு, அவை அகலமாகவும் கொஞ்சம் உப்பலாகவும் இருக்கும், அதனால் பள்ளம் என்று வெறுமையாக ஓர் இடமே தெரியாது. படத்தில் இது எப்படித் தெரியும் என்றால், கோடுகள் நிறைய இருப்பதுபோலவும், ஆனால் எதுவும் தெளிவாக இல்லாததுபோலவும் தெரியும். போதாக்குறைக்கு அந்தத் துணை வரம்புகளின் மேல் குட்டையான மயிர்கள் வேறு. உன் படத்தின் இடது மூலையில், வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற இடத்தில் ஒரு விதையின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார், ஓரம் சீராக இல்லாமல் பிசிறு பிசிறாக இருக்கும். கேரவேயின் விளிம்பு எங்கே பார்த்தாலும் துடைத்துவிட்டதுபோல இருக்கும். ஆனால் மயிர் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துச் சீரகம் இல்லை என்று முடிவு கட்டாதே. விதைகள் உரசி உரசி மயிர் உதிர்ந்துபோவது சாதாரணம், போதாததற்கு ஃபோன் கேமராக்கள் படத்தை மென்மையாக்கும்போது மிச்சமிருப்பதையும் அழித்துவிடுகின்றன.

வளைவைப் பற்றி நீ கேட்டிருந்தாய். கேரவே பிறைபோல வளைந்து, இரண்டு நுனியும் கூராக முடியும், பெரும்பாலும் பாதிகள் பிரிந்தே கிடக்கும். சீரகத்தில் இரண்டு பாதிகளும் ஒட்டியபடியே இருப்பது அதிகம், அதனால் நேராகத் தெரியும், அடியில் சிறு காம்பு ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. ஆனால் பிரிந்த சீரகப் பாதியும் கொஞ்சம் வளையத்தான் செய்யும், இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒற்றை விதையின் வளைவை வைத்துப் பெயர் சொல்லாமல், குவியலில் பெரும்பாலானவை எப்படி என்று பார்த்துவிட்டு, கோடுகளுக்குத் திரும்பி வருவதுதான் என் வழக்கம். உன் இரண்டாவது குவியலிலேயே நடுவில் இரண்டு விதைகள் நேராக, வெளிறி, காம்போடு கிடக்கின்றன பார்த்தாயா? அவை சீரகம், பக்கத்துக் குவியலிலிருந்து உருண்டு வந்திருக்கும். படம் எடுப்பதற்கு முன் அவற்றைப் பொறுக்கிவிடு, இல்லாவிட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

சோம்பில் உனக்குச் சந்தேகமே வந்திருக்காது, பச்சை கலந்த நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பழைய சோம்பு பச்சை போய் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டால், மஞ்சள் விளக்கடியில் எடுத்த படத்தில் சீரகம் மாதிரியே இருக்கும். அப்போது உடம்பைப் பார்க்க வேண்டும்: சோம்பு வயிறு பருத்தது, வரம்புகள் தடித்து நன்றாகத் துருத்திக்கொண்டு நிற்கும், மயிர் கிடையாது. நுனியில் பூவின் சூலகத் தண்டுகளின் அடிப்பகுதி இரண்டு சிறு மொட்டாக ஒட்டியிருப்பதையும் பல விதைகளில் பார்க்கலாம்.

ஓமத்தில் சிக்கல் அளவுதான். நேரில் 2 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், யாரும் ஏமாற மாட்டார்கள், ஆனால் நெருங்கி எடுத்த படத்தில் அதுவும் மற்றவை அளவுக்குப் பெரிதாகிவிடும். அதனால் நீளத்தைப் பார்க்காமல், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார். ஓமம் முட்டை வடிவம், அகலத்தைவிட நீளம் கொஞ்சம்தான் கூடுதல். சீரகமும் கேரவேயும் அகலத்தைப்போல மூன்று நான்கு மடங்கு நீளும். ஓமத்தின் மேல்பரப்பைப் பெரிதாக்கினால் வரம்புகளுக்கு நடுவே நுண்ணிய புள்ளிப்புள்ளியான மேடுகள் தெரியும், சொரசொரவென்று. உன் படத்தில் நாலாவது குவியலில் இது அழகாக வந்திருக்கிறது, அதை மாற்றவே வேண்டாம்.

மற்ற மூன்றையும் திரும்ப எடுப்பதாக இருந்தால் ஜன்னலோரத்தில், வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி வை. நேர் மேலிருந்து ஃபிளாஷ் போட்டால் வரம்புக்கு நிழலே விழாது, கோடுகள் தட்டையாகிவிடும். குவித்து வைக்காமல் ஒற்றை அடுக்காகப் பரப்பு. சில முதுகு காட்டியும் சில பிளந்த முகம் காட்டியும் கிடக்கட்டும். ரொம்ப நெருங்கினால் நடுப்பகுதி மட்டும் தெளிவாகி நுனிகள் மங்கிவிடும், நுனிதான் நமக்கு முக்கியம், ஆகவே கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்வது நல்லது. பின்புலத்துக்கு வெறும் வெள்ளைத்தாள் போதும், அதன் நிறத்தை வைத்து ஒளியின் மஞ்சளைப் பிறகு சரிசெய்யலாம். ஓரத்தில் மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல் ஒன்றை வை, அது இருந்தால் ஓமத்தைப் பற்றி நான் எழுதியதில் பாதி தேவையே படாது.

ஒன்று மட்டும் படத்தை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கேரவேயைவிட மெல்லியதாக, இன்னும் கருத்ததாக ஷாஜீரா என்று ஒன்று வருகிறது, அது வேறு செடி, ஆனால் அதுவும் வளைந்து வெளிர்க்கோட்டோடுதான் இருக்கும். உன் இரண்டாவது குவியல் அந்தளவு மெல்லியதாகத் தெரியவில்லை, அதனால்தான் கேரவே என்கிறேன். இருந்தாலும் பொட்டலத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து எழுது. ஷாஜீரா என்று இருந்தால் இரண்டு விதையைக் கடித்துப் பார்த்தால் போதும், மணத்தில் தெரிந்துவிடும்.

புதுப் படத்தை அரட்டைச் செயலி வழியாக அனுப்பாதே, அது சுருக்கிவிடுகிறது, மயிரும் புள்ளியும் முதலில் போய்விடும். மூலக்கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பு, அன்றைக்கே பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சுமதி