சுந்தரம் எங்கே போனான்?

அன்புள்ள அத்தாச்சி,

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்து, வேறெதுவும் பேசாமல், "சரி, அந்தச் சுந்தரம் எங்கேதான் போனான்?" என்று கேட்டீர்கள். 'நண்பகல் நேரத்து மயக்கம்' என்ற மலையாளப் படத்தைப் பார்க்கச் சொன்னது நான்தான். வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டுக் கேரளத்துக்குத் திரும்புகிறவர்களின் கதை என்று மட்டும் சொன்னேன், முடிவு எந்த மாதிரி என்று சொல்லவில்லை. உங்கள் பக்கம் கடைமடை. முறைத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெரியாமல் தினமும் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. பதில் தெரியாத கேள்வி ஒன்று வீட்டிலேயே இருக்கும்போது, இன்னொன்றைக் கொடுத்துவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குச் சோகமான முடிவு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். 'மூன்றாம் பிறை' எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்! கடைசியில் ரயில் நகர, சீனு தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்காட்டம் ஆடுகிறான். விஜிக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. அதைப் பார்த்து அழுவீர்கள், முகம் கழுவுவீர்கள், படுத்தால் தூங்கிவிடுவீர்கள். அங்கே கேட்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை. அவளுக்கு நினைவு திரும்பிவிட்டது, அதனாலேயே அவன் அவளை இழந்தான். வலிக்கிறது, ஆனால் கதவு மூடிவிட்டது. 1982-இல் வந்த படம் இன்றும் ஒரே மாதிரி வலிப்பது அதனால்தான்.

சுந்தரம் கதை வேறு மாதிரி. அதில் சோகம் குறைவு, கேள்விதான் கூட. வண்டியில் எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனான ஜேம்ஸ் விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன்பின் தெரியாத ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடக்கிறான். காணாமல் போன சுந்தரத்தின் வீட்டுக்குள் சுந்தரமாகவே நுழைகிறான். பார்வையில்லாத அந்தத் தாய் அவனை ஒன்றும் கேட்பதில்லை. மறுநாள் மதியம் தூங்கி எழுந்தால் அவன் பழையபடி ஜேம்ஸ், வண்டி கிளம்பிவிடுகிறது. சுந்தரம் உயிரோடு இருக்கிறானா, இவனுக்குள் எப்படி வந்தான், எதற்கும் பதில் இல்லை.

ஆனால் எல்லாமே திறந்து கிடக்கவில்லை, அத்தாச்சி. ஆரம்பத்தில் விடுதியில் ஒரு குறள் வருமே, "உறங்குவது போலும் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு" என்று. ஒரு தூக்கத்தில் ஜேம்ஸ் போய்விடுகிறான், அடுத்த தூக்கத்தில் சுந்தரம் போய்விடுகிறான். படம் தனக்கு வைத்துக்கொண்ட கணக்கை அதுவே தீர்த்துவிடுகிறது. காரணத்தை மட்டும் சொல்லாமல் விடுகிறது. திறந்த முடிவில் நல்லது எது, ஏமாற்று எது என்று நான் இப்படித்தான் பார்க்கிறேன். நமக்குத் தோன்றும் ஒவ்வொரு விளக்கத்துக்கும் படத்துக்குள்ளேயே ஒரு காட்சி ஆதாரமாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் "கொன்றது யார்?" என்று நம்மை இழுத்துக்கொண்டு போய், கடைசியில் இருட்டைக் காட்டி முடித்தால், அது சொன்ன வாக்கைக் காப்பாற்றாத படம். அதன் மேல் கோபம் வருவது நியாயம்.

எனக்குச் சுந்தரம் படம் மூன்று நாள் கூடவே வந்தது. மதியம் திண்ணையில் யாராவது தூங்கினால் அவன் ஞாபகம் வரும். எனக்கு அது பிடித்திருந்தது, ஏனென்றால் அப்போது எனக்கு வேறு பாரம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன், அப்பாவின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், முன்பே பார்த்த படங்களை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அடுத்து என்ன என்று தெரிந்திருப்பதே அன்று போதுமாக இருந்தது. ஆள் அதே ஆள்தான், நாள்தான் வேறு.

இனி யாராவது ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னால் கதையைக் கேட்காதீர்கள். "முடிந்ததும் யாரிடமாவது பேசணும் போல இருந்ததா, விளக்கை அணைத்துப் படுக்கணும் போல இருந்ததா?" என்று கேளுங்கள். கதையும் கெடாது, உங்களுக்கு வேண்டியதும் தெரிந்துவிடும். பேசணும் போல இருந்தது என்றால், மாமாவும் விழித்திருக்கும் ஒரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பார்த்துவிட்டுத் தனியாகப் புரண்டதுதான் அன்றைக்கு உங்களைப் படுத்தியது.

தண்ணீர் வரும்வரை 'மெய்யழகன்' பாருங்கள். 2024-இல் வந்தது. நம் நீடாமங்கலத்துக்குக் கல்யாணத்துக்கு வரும் ஒருவர், ராத்திரி முழுக்கத் தன்னிடம் பாசத்தைக் கொட்டும் உறவுக்காரரின் பெயர் நினைவுக்கு வராமல் தவிக்கிறார். முழுப் படமும் அந்த ஒரு பெயரில் தொங்குகிறது. கடைசியில் பெயர் கிடைத்துவிடும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அறுப்பு முடிந்து தை மாதம் நான் அங்கே வரும்போது சுந்தரத்தை மறுபடி ஒன்றாகப் பார்ப்போம். அவன் எங்கே போனான் என்று நான் நினைப்பதை அன்றைக்குச் சொல்கிறேன். நீங்கள் நினைப்பதையும் அதற்குள் யோசித்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாமன் மகள், மன்னார்குடி