இலாபம் எந்தப் பிரிவில் வந்தது, யாரிடமிருந்து வந்தது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கைப் படிப்பது எப்படி என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விற்பனை, நிகர இலாபம், கடன் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கியிருந்தார்கள். ஆனால் கணக்குகளுக்குப் பின்னால் வரும் குறிப்புகளை வல்லுநர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு வேலை பார்த்தவன். நானே ஒருமுறை அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, சேமிப்பில் ஒரு பகுதியை இழந்தேன். பிறகு அதே அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய அத்தனையும் இரண்டு குறிப்புகளில் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. ஒன்று தொடர்புடைய தரப்பினர், அதாவது நிறுவனத்தை நடத்துபவர்கள், அவர்களின் குடும்பத்தார், அவர்கள் கையில் உள்ள பிற நிறுவனங்கள் போன்றோரோடு நடந்த வியாபாரம் பற்றிய குறிப்பு. மற்றது தொழிற்பிரிவு வாரியான குறிப்பு.

அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எண்களையும் சுருக்கித் தருகிறேன். முந்தைய ஆண்டு விற்பனையை 1,000 என்று வைத்துக்கொண்டால், நான் பங்கு வாங்கிய ஆண்டில் அது 1,150. இலாபம் 90-இலிருந்து 120 ஆகியிருந்தது. விற்பனை 15 சதவீதம் கூடியிருக்கிறது, இலாபமோ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்ததும் இதுதான், நான் பார்த்ததும் இதுதான்.

அந்த நிறுவனத்துக்கு இரண்டு தொழில்கள். இயந்திர உதிரிபாகங்கள் செய்வது பழைய தொழில். பொட்டலப் பொருள்கள் செய்வது புதிய தொழில். தொழிற்பிரிவுக் குறிப்பு இரண்டையும் தனித்தனியாகக் காட்டியது. உதிரிபாகப் பிரிவின் விற்பனை 800-இலிருந்து 780 ஆகவும், இலாபம் 80-இலிருந்து 62 ஆகவும் குறைந்திருந்தன. பொட்டலப் பிரிவின் விற்பனையோ 200-இலிருந்து 370-க்கும், இலாபம் 10-இலிருந்து 58-க்கும் ஏறியிருந்தன. ஆக, நிறுவனத்தைத் தாங்கிவந்த தொழில் இளைத்துக்கொண்டிருந்தது. வளர்ச்சி முழுவதும் சிறிய பிரிவிலிருந்து வந்தது. அதுவும் நூறு ரூபாய்க்கு விற்றால் ஐந்து ரூபாய் மட்டுமே மிச்சமான தொழிலில், ஒரே ஆண்டில் ஏறக்குறைய பதினாறு ரூபாய் மிச்சமாகியிருந்தது. ஆலையும் அதேதான், பொருளும் அதேதான். அப்படியிருக்க இலாப விகிதம் மூன்று மடங்கானது ஏன் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

பதில் வேறொரு பக்கத்தில் இருந்தது. தொடர்புடைய தரப்பினர் குறிப்பில், தலைமை நிர்வாகியின் மனைவி கட்டுப்படுத்தும் ஒரு நிறுவனத்துக்கு அந்த ஆண்டு விற்ற சரக்கின் மதிப்பு 160 என்று ஒரு வரி. முந்தைய ஆண்டுக்கு அந்த இடத்தில் வெறும் கோடு. அடுத்த வரியில், ஆண்டு முடிவில் அந்த நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய பாக்கி 150, பிணை ஏதும் இல்லை என்று இருந்தது. 160-க்கு விற்று 10-தான் கைக்கு வந்திருக்கிறது. பதினோரு மாத விற்பனைக்குமேல் வசூலாகாமல் நிற்கிறது.

இந்த 160 எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று தொடர்புடைய தரப்பினர் குறிப்பு சொல்லவில்லை. அதைச் சொன்னது தொழிற்பிரிவுக் குறிப்பின் கடைசிப் பத்தி. பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலை 8-இன்படி, ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மொத்த வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், அந்தத் தொகையையும் அது எந்தப் பிரிவில் வந்தது என்பதையும் எழுத வேண்டும். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிறுவனமும் பெயரைச் சொல்லவில்லை. "பொட்டலப் பிரிவில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து பெற்ற வருவாய் 160" என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லாவிட்டால் என்ன, இரண்டு பக்கங்களிலும் ஒரே தொகை நிற்கிறதே! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அதன்பிறகு கணக்கு எளிது. 370-இலிருந்து 160-ஐக் கழித்தால் வெளியாருக்கு விற்றது 210. அதாவது உண்மையான வளர்ச்சி 5 சதவீதம். வெளியாரிடம் பழைய ஐந்து சதவீத இலாபமே கிடைத்திருக்கும் என்று கொண்டால், அந்த 210-இல் வந்த இலாபம் ஏறத்தாழ 11. மிச்சமுள்ள 47-உம் மனைவியின் நிறுவனத்துக்கு விற்ற 160-இல் வந்தது. அதாவது ஏறக்குறைய 30 சதவீத இலாபம்! வேறு யாரும் கொடுக்காத விலையை அந்த நிறுவனம் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. அந்த விற்பனையை நீக்கிவிட்டால் மொத்த இலாபம் 73. முந்தைய ஆண்டின் 90-ஐவிடக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு உயர்வு என்று நான் நம்பியது உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு சரிவு. வெளியாரின் இலாப விகிதத்தை நான் ஊகித்துத்தான் போட்டேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஊகத்தைச் சற்று முன்பின் மாற்றிப் போட்டாலும் முடிவு மாறவில்லை.

மறு ஆண்டு அந்த 150-இல் 110-ஐ வாராக்கடனுக்கு ஒதுக்கினார்கள். அதுவும் அதே குறிப்பில்தான் வந்தது. தொடர்புடையவர்களிடம் உள்ள பாக்கிக்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்று எழுதுவது பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 24-இன் கட்டளை. எனக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டது.

தொடர்புடையவர்களோடு வியாபாரம் செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. தாய் நிறுவனத்திடமிருந்து மூலப்பொருள் வாங்குவதும், இயக்குநருக்குச் சொந்தமான கட்டடத்தை வாடகைக்கு எடுப்பதும் எங்கும் நடப்பவைதான். வெளியார் இருவர் பேரம் பேசும்போது இருவரும் தத்தம் நலனைக் காக்கிறார்கள். அதனால் விலைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கை இருந்தால் விலையை எப்படியும் எழுதலாம். அதனால்தான் உறவின் தன்மை, பரிவர்த்தனைத் தொகை, நிலுவை, நிபந்தனை, உத்தரவாதம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறார்கள். விலையே வாங்காமல் ஒரு சேவையைக் கொடுத்தாலும் அது பரிவர்த்தனைதான். வெளியாரோடு செய்துகொள்ளும் நிபந்தனைகளிலேயே செய்தோம் என்று எழுத வேண்டுமானால், அதை நிரூபிக்க முடிய வேண்டும் என்றும் தரநிலை சொல்கிறது. இந்தச் சொற்றொடரை ஓர் அறிக்கையில் கண்டால் நான் இப்போது நின்று படிக்கிறேன்.

காரணம் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம். அந்த நிறுவனத்தின் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் 16-ஆம் குறிப்பு தொடர்புடைய தரப்பினர் பற்றியது. சில கூட்டாண்மைகளோடு பரிவர்த்தனை செய்ததாகவும், அவற்றை நடத்துபவர் நிறுவனத்தின் மூத்த அலுவலர் ஒருவர் என்றும் அதில் இருந்தது. வெளியாரோடு பேசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நிபந்தனைகளோடு ஒப்பிட்டால் இவை நியாயமானவை என்று நிர்வாகம் கருதுவதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த மூத்த அலுவலர் முதன்மை நிதி அலுவலரான ஆண்ட்ரூ ஃபாஸ்டோ. பெயரைக் குறிப்பு சொல்லவில்லை. படிப்பவருக்கு எளிதில் விளங்காதபடிதான் அது எழுதப்பட்டிருந்தது. ஆனாலும் கேள்வி எழுப்பப் போதுமான செய்தி அதில் இருந்தது. 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது.

இந்த இரண்டு குறிப்புகளும் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்பியும் ஏமாறக் கூடாது. குழும நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கில் தாய் நிறுவனத்துக்கும் துணை நிறுவனத்துக்கும் இடையிலான வியாபாரம் நீக்கப்பட்டுவிடும். அதைப் பார்க்க அந்தந்த நிறுவனத்தின் தனிக் கணக்கைத்தான் தேட வேண்டும். பிறர் பெயரில் மறைத்து வைத்த நிறுவனம் குறிப்பில் வரவே வராது. நிலுவையை மட்டும் பார்ப்பவரை ஏமாற்றுவதும் எளிது. ஆண்டின் நடுவில் கடன் கொடுத்து, கணக்கு முடியும் வாரத்தில் திருப்பி வாங்கி, அடுத்த வாரம் மறுபடி கொடுத்தால் நிலுவை பூஜ்யமாகத்தான் நிற்கும். ஆனால் ஆண்டில் கொடுத்த தொகை பரிவர்த்தனை வரியில் தெரியும். இரண்டு வரிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தொழிற்பிரிவுக் குறிப்பில் நடக்கும் வேலை வேறு. தலைமை நிர்வாகி தன் மேசையில் தொழிலை எப்படிப் பிரித்துப் பார்க்கிறாரோ அப்படியே வாசகருக்கும் காட்ட வேண்டும் என்பதுதான் 2009-இல் நடைமுறைக்கு வந்த தரநிலை 8-இன் அடிப்படை. நல்ல கருத்துதான். ஆனால் பிரிவை வகுக்கும் உரிமையும் அவர் கையிலேயே போய்விடுகிறது. நான் பங்கு வைத்திருந்த நிறுவனம், வாராக்கடனுக்கு ஒதுக்கிய அதே ஆண்டில் தனக்கு ஒரே ஒரு தொழிற்பிரிவுதான் என்று அறிவித்தது. உதிரிபாகமும் பொட்டலமும் ஒரே வரியில் கலந்துவிட்டன. எது இலாபம், எது நட்டம் என்று பிரித்தறிய வழியில்லாமல் போனது. ஆனால் அதே அறிக்கையின் முன்பக்கத்தில், தலைவரின் உரை இரண்டு தொழில்களையும் தனித்தனியாகப் பேசியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மேலாளரின் படமும் இருந்தது. தலைவர் இரண்டாகப் பார்ப்பதை வாசகருக்கு மட்டும் ஒன்றாகக் காட்டுவது ஏன்? அறிக்கையின் முன்பக்கமும் பின்பக்கமும் இப்படி முரண்படும் இடம்தான் எனக்கு இப்போது முதல் எச்சரிக்கை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு காலாண்டும் நிறுவன முடிவுகளுக்குத் தாங்கள் வெளியிடும் அட்டவணையில் விற்பனை, இலாபம், பங்கு ஒன்றுக்கான ஈட்டம் என மூன்று பத்திகள் இருக்கின்றன. ஆண்டு அறிக்கை வரும் காலத்திலாவது இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டுகிறேன்: அதிக இலாபம் தந்த தொழிற்பிரிவு எது, தொடர்புடையவர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி எவ்வளவு. நிறுவனம் அந்த ஆண்டில் தொழிற்பிரிவுகளை மாற்றி வகுத்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஓய்வுபெற்ற கணக்காளர்