இன்டென்ட்டும் இஷ்யூவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நூற்பாலை ஸ்டோர் கிளார்க் சிறுகதையைப் படித்தேன். கப்பலூர்ப் பக்கம் ஒரு மில் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முழு நைட்டில் தனியாக இருக்கும் அந்தப் பையன், இன்டென்ட் சீட்டில் கேட்ட அளவும் ஸ்டோரிலிருந்து இஷ்யூ ஆன அளவும் ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை என்று கவனிக்கிற இடம் வரை அது எங்கள் ஸ்டோரேதான். ஆனால் கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காகவே திருட்டு என்று அவன் முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1,008 ஸ்பிண்டில் உள்ள ஒரு நூற்பு ஃபிரேமுக்கு, ஸ்பிண்டிலுக்கு ஒன்றாக நூலை வழிநடத்தும் டிராவலர் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபிட்டர் 1,008 என்று இன்டென்ட் போடுவார். எங்களுக்கு டிராவலர் வந்தது ஆயிரம் கொண்ட பெட்டியில். நகக்கண் அளவுள்ள அந்த வளையத்தை ராத்திரியில் உட்கார்ந்து யார் எண்ணுவது? இரண்டு பெட்டியாகக் கொடுத்துவிடுவோம். ஸ்டோர் இருப்பை எழுதும் பின் கார்டில் 2,000 கழியும், சீட்டில் 1,008 இருக்கும். மிச்சம் 992 ஃபிட்டரின் அலமாரியில் கிடக்கும்.

அந்த 992 என்ன ஆனது என்றுதான் கிளார்க் கேட்க வேண்டும். ரிட்டர்ன் சீட்டோடு திரும்பி வந்தால் சரி. வராவிட்டால், அதே நம்பர் டிராவலர் ஓடும் அடுத்த ஃபிரேமுக்கு இன்னும் ஒரு பெட்டி போதும். ரிட்டர்னும் வராமல் மறுபடி இரண்டு பெட்டி கேட்டால், அப்போது அலமாரியைத் திறந்து பார்க்கலாம். அங்கேயும் அவசரம் கூடாது. நூலின் பருமனைக் குறிக்கும் கவுண்ட் மாறினால் டிராவலர் நம்பரும் மாறும், பழைய நம்பர் மிச்சம் சும்மாவே கிடக்கும்.

உண்மையில் திருடுகிறவன் வித்தியாசமே விடமாட்டான். எட்டு பேரிங் தேவைப்படும் இடத்தில் பத்து என்று எழுதி, கையெழுத்தும் வாங்கி, பத்தையும் எடுத்துப் போவான். இன்டென்ட், இஷ்யூ, பின் கார்டு, லெட்ஜர் எல்லாம் கச்சிதமாக ஒத்துப்போகும். அவனைக் காகிதத்தில் பிடிக்க முடியாது. கழற்றிய பழைய பேரிங் எத்தனை ஸ்கிராப்புக்கு வந்தது என்று எண்ணினால்தான் தெரியும். பழசைக் கொடுத்தால்தான் புதுசு என்று சில ஸ்டோர்களில் கறாராக இருப்பது அதனால்தான்.

கதையில் மேஸ்திரியின் வேலை போகிறது. ஃபிரேம் நின்றுவிடக் கூடாதே என்று ராத்திரி சீட்டில்லாமல் பெல்ட் வாங்கிப் போனதைத் தவிர அவர் என்ன செய்தார்? சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய மாஸ்டர் காலையில்தான் வருவார், கையெழுத்தும் அப்போதுதான் விழும், சீட்டில் மறுநாள் தேதி இருக்கும். தேதிவாரியாகக் கூட்டிப் பார்த்தால் இரண்டு நாள் கணக்குமே இடிக்கத்தான் செய்யும்.

இந்தக் கதை தொகுப்பில் வரும்போது, மேஸ்திரி பெயரைச் சொல்வதற்கு முன் அந்தப் பையனை ஒருமுறை ஸ்கிராப் ரூமுக்கு அனுப்பும்படி எழுத்தாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டோர் கீப்பர்,
திருமங்கலம்