கிணறு மெதுவாக ஊறுவதற்குக் காரணம் மோட்டார் அல்ல: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் கிணற்றில் இப்போதிருக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு மூன்று குதிரைத்திறன் மோட்டார் போடலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. அடுத்த கூட்டத்தில் அதை வாக்கெடுப்புக்கு விடப்போகிறீர்கள். அதற்கு முன் இந்த மடலை எல்லா வீட்டுக்காரர்களும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிலத்தடி நீர் சம்பந்தப்பட்ட வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் இதில் சும்மா இருக்க முடியவில்லை.

கூட்டத்தில் ஓர் அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. திருவான்மியூரில் அவர் தங்கை வீட்டுக் கிணறு எவ்வளவு இறைத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஊறிவிடுகிறது, மேற்கு மாம்பலத்தில் இருக்கும் நம் கிணறு மட்டும் ஏன் நாள் முழுக்க எடுத்துக்கொள்கிறது என்று கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதில் மண்ணில் இருக்கிறது. திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் மேல்மண் பெரும்பாலும் மணல். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர் பக்கம் களிமண் அதிகம்.

களிமண்ணில் தண்ணீர் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு கன மீட்டர் களிமண்ணில் 400, 500 லிட்டர் வரைகூடத் தண்ணீர் இருக்கலாம். அதே அளவு மணலில் 300, 350 லிட்டர்தான் இருக்கும். ஆனால் மணலிலிருந்து சுமார் 200 லிட்டர் தானாக வடிந்து கிணற்றுக்கு வரும். களிமண் தருவது 30 லிட்டர் அளவுதான். களிமண் துகள்கள் அவ்வளவு நுண்ணியவை. அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தண்ணீர் துகளோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

வேகத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. பிரான்சில் திஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டு அளந்து, 1856-இல் ஒரு விதியைச் சொன்னார். தண்ணீர் ஓடும் அளவு இரண்டைப் பொறுத்தது: மட்டத்தின் சரிவு, மண் தண்ணீரை விடும் தன்மை. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தால், நல்ல மணலில் தண்ணீர் ஒரு நாளில் அரை மீட்டருக்கு மேல் நகரும். அதே சரிவில், இறுகிய களிமண்ணில் ஒரு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது.

அப்படியானால் நம் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? களிமண்ணுக்கு நடுவே ஓடும் மெல்லிய மணல் அடுக்குகளிலிருந்துதான். அந்த அடுக்கின் கனமும் மணலின் தரமும் எவ்வளவோ அவ்வளவுதான் ஊறல். மோட்டார் கிணற்றுக்குள் இருப்பதை மேலே தள்ளும், அவ்வளவுதான். மணல் அடுக்கை அகலமாக்க அதனால் முடியாது.

நம் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். அது 5 அடி விட்டமுள்ள உறை கிணறு. ஓர் அடி உயரத் தண்ணீர் என்றால் சுமார் 550 லிட்டர். காவலாளியோடு சேர்ந்து கயிற்றில் எடை கட்டி அளந்தேன். காலையில் மட்டம் 18 அடியில் இருந்தது. மோட்டார் போட்டு 28 அடிக்கு இறங்கியதும் நிறுத்தினோம். ஒரு மணி நேரம் கழித்து 26 அடி. நான்கு மணி நேரத்தில் 22. எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 19.5. அதாவது முதல் நான்கு மணி நேரத்தில் 6 அடி ஏறியது, அடுத்த நான்கு மணி நேரத்தில் இரண்டரை அடிதான். கிணற்று மட்டத்துக்கும் சுற்றியுள்ள நிலத்தடி மட்டத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் குறையக் குறைய உந்துதலும் குறைகிறது. கடைசி ஓரிரு அடி நிரம்ப இவ்வளவு நேரம் பிடிப்பது இதனால்தான்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள விஷயம் வருகிறது. இப்போது காலையில் ஒரே முறை, காற்று இழுக்கும்வரை இறைக்கிறோம். கிடைப்பது 5,500 லிட்டர் அளவு. அப்படிச் செய்யாமல் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று நான்கு முறை இறைத்தால், முதல் முறைக்குப் பின் ஒவ்வொரு முறையும் சுமார் 3,300 லிட்டர் கிடைக்கும். கணக்குப்படி மொத்தம் 15,000 லிட்டர். தினமும் இப்படி எடுத்தால் சுற்றியுள்ள மட்டமும் கொஞ்சம் இறங்கும் என்பதால் 12,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர். இதற்கு இப்போதுள்ள மோட்டாரே போதும். மூன்று குதிரைத்திறன் மோட்டார் அதே 5,500 லிட்டரை அரை மணிக்குள் தீர்த்துவிட்டு வெறும் காற்றை இழுக்கும்.

அதோடு ஆபத்தும் உண்டு. மட்டம் சட்டென்று இறங்கினால் உறைக்கு வெளியே களிமண்ணில் நிற்கும் தண்ணீர் அதே வேகத்தில் வடியாது. உள்ளே காலி, வெளியே அழுத்தம் என்ற நிலை வரும். பழைய உறைகள் நகரவும் விரிசல் விடவும் இது போதும். வேகமாக இழுக்கும்போது வண்டலும் சேர்ந்து வந்து ஊற்றுக்கண்ணை அடைக்கும். இறைக்கும் தண்ணீர் திடீரென்று கலங்கலாக வந்தால் அதுதான் அறிகுறி.

கிணற்றைச் சுற்றி நிலத்தடி மட்டம் ஒரு புனல் போலக் குழிந்து போவதையும் கவனிக்க வேண்டும். தொடர்ந்து இறைத்தால் புனல் அகன்றுகொண்டே போகும். பக்கத்து வீட்டுக் கிணறும் இறைத்தால் இரண்டு புனலும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அதன் பிறகு ராத்திரி முழுக்க விட்டாலும் பழைய மட்டம் வராது.

அதனால் மெதுவாக ஊறுகிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த வகை மெதுவு என்று பார்க்க வேண்டும். காலை மட்டம் பழையபடியே இருந்து, இறைத்த பின் ஏறும் வேகம் மட்டும் முன்பைவிடக் குறைந்திருந்தால் ஊற்றுக்கண் அடைபட்டிருக்கிறது. தூர் வாரினால் சரியாகும். காலை மட்டமே இறங்கியிருந்து, தெருவில் இறைக்காமல் கிடக்கும் கிணற்றிலும் அதே அளவு இறங்கியிருந்தால், பகுதி முழுக்கவே தண்ணீர் குறைகிறது. அப்போது எந்த மோட்டாரும் உதவாது. இரண்டும் இல்லாமல் எப்போதும் இதே வேகம்தான் என்றால் அது மண்ணின் இயல்பு. நம்மிடம் பழைய அளவுகள் எதுவும் இல்லை. சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்கூட வைத்திருக்கவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, மழைநீர்க் குழி. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது நம் வளாகத்தில் மூன்றடிக் குழி தோண்டி செங்கல் ஜல்லி போட்டு மூடினார்கள். அந்தக் குழி களிமண்ணிலேயே நிற்கிறது. மழை பெய்தால் நிரம்பி, நாள் கணக்கில் அப்படியே தேங்கிக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரை உறை இறக்கி, மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விட்டால்தான் நம் கிணற்றுக்கு வரும் அடுக்கில் தண்ணீர் சேரும். மோட்டாருக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவிடலாம்.

வாக்கெடுப்பை ஒரு மாதம் தள்ளிவைக்கும்படி கேட்கிறேன். அந்த மாதம் முழுக்க, தினமும் காலையில் முதல் முறை இறைப்பதற்கு முன் ஒரு முறையும், நிறுத்திய ஒரு மணி நேரத்தில் ஒரு முறையும் மட்டம் எழுதப்பட வேண்டும். வாரம் ஒரு நாள் தெருக்கோடியில் இறைக்காமல் இருக்கும் கிணற்றையும் அளக்க வேண்டும். கயிறு, நோட்டு என் பொறுப்பு. காவலாளிக்கு அளக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். முதல் வாரம் நானும் கூடவே நிற்கிறேன். எண்களை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்பும் வைத்துப் பேசுவோம்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு வீட்டுக்காரன்