பொருள்: மின்சாரப் பிரஷர் குக்கரின் தமிழ்க் கையேட்டில் உள்ள ஆபத்தான பிழைகள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கொரியத் தயாரிப்பான சோறு வடிக்கத் தேவையில்லாத மின்சாரப் பிரஷர் குக்கரைச் சமீபத்தில் வாங்கினேன். பெட்டியில் கொரியம், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிகளிலும் கையேடு இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய ஆலையில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்வதால் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தமிழ்க் கையேடு ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பது உடனே தெரிந்துவிட்டது.

பராமரிப்புப் பக்கத்தைப் பாருங்கள். குக்கரின் உட்புறத்துக்குக் கொரியக் கையேடு 'தக்தா' என்கிறது, அதாவது துடைப்பது. கழற்றக்கூடிய உள்மூடிக்கு 'ஷித்தா' என்கிறது, அது கழுவுவது. ஆங்கிலத்தில் இரண்டுமே 'கிளீன்' ஆகிவிட்டன. தமிழாக்கியவர் இரண்டையும் 'கழுவவும்' என்று எழுதிவிட்டார். அவர் கையில் கொரியப் பிரதி இருந்திருக்காது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உட்புறத்தில்தான் வெப்பத் தட்டும் வெப்பநிலை உணரியும் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு என் அம்மா குழாயடிக்கே குக்கரைத் தூக்கிக்கொண்டு போனார். நான் வீட்டில் இருந்ததால் தடுத்தேன்.

அடுத்தது சூடாக வைக்கும் வசதி. 'ஆறிய சோற்றை இதில் சேர்த்து வைக்காதீர்கள்' என்பது கொரிய எச்சரிக்கை. கொரியத்தில் அரிசிக்கு 'ஸல்', சோற்றுக்கு 'பப்' என்று தனித்தனிச் சொற்கள் உண்டு, நம்மிடம் இருப்பதைப் போலவே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரைஸ்'தான். அதனால் தமிழில் 'குளிர்ந்த அரிசியைச் சேர்க்காதீர்கள்' என்று அச்சாகியிருக்கிறது. அப்படி யாருமே செய்யமாட்டார்கள் என்பதால் எல்லோரும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஃபிரிட்ஜில் இருந்த மீதிச் சோற்றைச் சூடான சோற்றோடு கொட்டிவைப்பதோ நம் வீடுகளில் சாதாரணம். அப்போது பானையின் சூடு இறங்கும். 60 டிகிரிக்குக் கீழே வெகுநேரம் கிடந்தால் 'பேசில்லஸ் சீரியஸ்' கிருமி பெருகும். அது உண்டாக்கும் ஒரு நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாந்தியில் கொண்டுபோய் விடும்.

உங்கள் சரிபார்ப்பில் இவை ஏன் தப்பின என்பதும் புரிகிறது. தமிழை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இரண்டு வரிகளும் பொருந்துவதுபோலத்தான் தெரியும். ஆங்கிலமும் தன்னளவில் சரிதான். வேறுபாடு நடுவிலேயே தொலைந்துபோனதால், கொரியத்தோடு ஒப்பிட்டால் மட்டுமே பிழை தெரியும்.

ஆகவே இந்த இரண்டு வரிகளுக்கும் திருத்தத் தாள் அச்சிட்டு, கடைகளில் இருக்கும் பெட்டிகளில் சேர்த்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் முழுக் கையேட்டுக்கும் நேரடி மொழிபெயர்ப்பு இயலாது என்றால், எச்சரிக்கை, பராமரிப்புப் பக்கங்களையாவது கொரியமும் தமிழும் தெரிந்த ஒருவர் மூலத்தோடு வைத்துப் பார்க்கட்டும். பிழையான பக்கங்களின் படங்களை இணைத்துள்ளேன். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காஞ்சிபுரம் மாவட்டம்